நாற்பது சதவீதம் எதன் மேல்? பொங்கல் சலுகையும் ஆச்சியின் சிட்டையும்

கோட்டையூரில் எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் ஆச்சி, மார்கழி கடைசியில் ஒரு காலை என்னை வரச் சொல்லியிருந்தார். பிள்ளையார் நோன்பு முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வளவில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மூன்று தாள்கள் வரிசையாகக் கிடந்தன. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெற்றிலைச் செல்லத்தையோ சொம்பையோ வைத்திருந்தார். ஒன்று மதுரைப் பெரிய மருத்துவமனை ஒன்றின் விளம்பரம். இரண்டாவது, காரைக்குடியில் கிளை வைத்திருக்கும் ஒரு பரிசோதனை நிறுவனத்தின் நோட்டீஸ். மூன்றாவது, செக்காலைப் பக்கம் உள்ள சிறிய லேப் ஒன்றின் விலைப் பட்டியல். தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஓரங்களில் பேனாவால் திருத்திய தாள். அந்த லேப்பில் தள்ளுபடியும் கிடையாது, பொங்கல் பானைப் படமும் கிடையாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் மதுரைத் தாளை அனுப்பி, "அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போய் எடுத்துவிடுங்கள், நான் பணம் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆச்சிக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார். வீட்டுக்காரருக்கு 68. ஐந்தாண்டுகளுக்கு முன்பு வரை சிகரெட் பிடித்தவர், மருத்துவமனை வாசலை மிதித்தே வெகுகாலம் ஆகிவிட்டது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் வேலை பார்த்தவன் என்பதால்தான் கூப்பிட்டிருந்தார்.

"நாற்பது சதவீதம் தள்ளுபடி என்கிறான் தம்பி. நீங்கள் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். சொல்லும்போதே தன் நோட்டைப் பிரித்துக்கொண்டார். கல்யாணத்துக்குச் சாமான் சிட்டை எழுதுகிற அதே நோட்டு.

மதுரைத் தாளில் இருந்தது இதுதான். முழு உடல் பரிசோதனையின் விலை 6,800 ரூபாய், பொங்கலுக்கு 40 சதவீதம் போக 4,080. தம்பதியாக வந்தால் இருவருக்கும் சேர்த்து 7,200. ரத்த அணுக்கள், சாப்பிடும் முன்னும் பின்னும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, சிறுநீர், இசிஜி, எக்கோ, வயிற்று ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் ஆலோசனை, காலைச் சிற்றுண்டி எல்லாம் அதில் அடக்கம். கீழே சிறிய எழுத்தில், "விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பட்டியல். ஆச்சி அதில் நான்குக்கு டிக் போட்டிருந்தார். பி12 வைட்டமின் 1,100, டி வைட்டமின் 1,500, புற்றுநோய்க் குறியீடுகள் 2,400, மேமோகிராம் 1,900. ஆக 6,900.

இன்னும் சிறிய எழுத்தில் இருந்ததை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் படிக்க முடிந்தது. சலுகை பேக்கேஜுக்கு மட்டும், கூடுதல் பரிசோதனைகளுக்கு இல்லை.

ஆச்சிக்கு மட்டும் கணக்குப் போட்டால், பேக்கேஜ் 4,080, கூடுதல் 6,900, மொத்தம் 10,980. சலுகையே இல்லாமல் இருந்தால் 6,800 உடன் 6,900 சேர்ந்து 13,700. மிச்சமாவது 2,720 ரூபாய். அது 13,700இல் இருபது சதவீதம்கூட முழுதாக இல்லை. டிக் போடப் போட அந்த நாற்பது கரைந்துகொண்டே வருகிறது. பேக்கேஜைவிடக் கூடுதல் பட்டியல் பெரிதாகிவிட்டது என்பதையும் ஆச்சி அப்போதுதான் கவனித்தார்.

"செய்கூலி இல்லை என்று போர்டு வைத்துவிட்டுக் கல்லின் விலையில் பிடித்துக்கொள்வானே, அது மாதிரியா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் அவரிடம் இருந்தது. பழைய தாள்களை எறியும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தீபாவளிக்கு அதே மருத்துவமனை விட்ட நோட்டீஸ் நோட்டின் பின்னட்டையில் செருகியிருந்தது. அதே பேக்கேஜ், அன்றைக்கு 4,200. அப்படியானால் 6,800 என்பது யாரும் கொடுக்காத விலையாக இருக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் உண்மையாகக் குறைந்தது 120 ரூபாய். பண்டிகைச் சலுகையை எடைபோட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை: போன பண்டிகையின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாள் இல்லாவிட்டால், சலுகை முடிந்த மறுவாரம் என்ன விலை என்று தொலைபேசியில் கேட்டாலும் போதும்.

இரண்டாவது தாள் வேறு மாதிரி. காரைக்குடிக் கிளைக்காரர்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். "72 பரிசோதனைகள்", விலை 2,600. மொத்த ரசீதின் மேல் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, கூடுதல் பரிசோதனைகளுக்கும் சேர்த்து. ஆனால் ரசீது 3,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். வீட்டுக்கு வரும் கட்டணம் 150, அதில் தள்ளுபடி கிடையாது.

72 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்றே இருபதுக்கும் மேற்பட்ட வரிகளாக அச்சாகும். கருவி ஒரே உறிஞ்சலில் எல்லாவற்றையும் எண்ணிவிடுகிறது. எண்ணுகிறவருக்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. கல்லீரலுக்கு ஒரு பத்து வரி, கொழுப்புக்கு ஏழெட்டு. அவற்றில் பல, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோ வகுத்தோ வருகிற எண்கள்தாம். அந்த நோட்டீஸில் உண்மையாக இருந்தவை ஒன்பது, பத்துப் பரிசோதனைகள். அவற்றில் பி12உம் டியும் இருந்தன என்பது ஆச்சிக்கு லாபம். மதுரையில் அவை இரண்டுக்கும் மட்டும் 2,600 ஆகியிருக்கும். இங்கே மொத்தப் பேக்கேஜே 2,600தான். மூன்று மாதச் சராசரியும் இருந்தது. எக்கோ, ஸ்கேன், மருத்துவர் எதுவும் இல்லை. சாப்பிட்ட பின் சர்க்கரையும் இல்லை. ரத்தம் எடுக்கும் பையன் இரண்டு முறை வர வேண்டும் என்பதால் விட்டிருப்பார்கள்.

மூன்று தாள்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆச்சிக்கு எது தேவை என்று முதலில் வெற்றுப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே தேவையை எழுதினால் விளம்பரத்தில் இருப்பதெல்லாம் தேவையாகிவிடும். ஆடி மாதம் அவருடைய மருத்துவர் கேட்டு எடுத்த அறிக்கை வீட்டில் இருந்தது. கொழுப்பு, கல்லீரல், தைராய்டு மூன்றும் அதில் சரியாக இருந்தன. ஐந்து மாதத்தில் அவற்றைத் திரும்ப எடுக்க ஆச்சியின் விஷயத்தில் காரணம் இல்லை.

தேவையானவற்றில் முதலாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி. அதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. நோன்புப் பலகாரம் நாலு நாள் சாப்பிட்டதால் அது பெரிதாக நகர்ந்துவிடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் நகரும். ரத்த அணுக்கள் பரிசோதனையை அதனுடன் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சாப்பிடும் முன்னும் பின்னும் சர்க்கரை. சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்டு என்பதால் அதுவும். ஆச்சிக்குக் கால் விரல்களில் மதமதப்பு இருப்பதாக வேறு சொன்னார்.

ஆறாவது, மதுரைத் தாளிலும் காரைக்குடித் தாளிலும் பேக்கேஜுக்குள் இல்லாத ஒன்று. சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். இரண்டு பேக்கேஜிலும் "சிறுநீர்ப் பரிசோதனை" என்று இருந்ததே என்று ஆச்சி கேட்டார். அது வேறு. அதில் ஒரு பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொடத் தொடங்கும்போது கசிகிற சொற்ப அல்புமின் அந்தப் பட்டையில் பெரும்பாலும் தெரியாது. ரத்தக் கிரியேட்டினினும் அந்தக் கட்டத்தில் சரியாகவே இருக்கும். விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நலம். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது இது. எண்பது பரிசோதனை என்று எண்ணிக்கை காட்டும் தாள்களில் இது பல நேரம் விடுபடுவது எனக்கு இன்றும் எரிச்சல்.

கண்ணின் விழித்திரையைப் பார்ப்பது இன்னொன்று. எந்தத் தாளிலும் அது இல்லை. அதற்குத் தனியாகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

டிக் போட்டவற்றில் மேமோகிராமை நான் தொடவில்லை. 61 வயது வரை ஒருமுறைகூட எடுக்காதவருக்கு அது நியாயமான பரிசோதனை. டி வைட்டமினைக் கேட்டால், முழங்கால் வலிக்காகப் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாராம். இந்த வயதில் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் தேய்மானம்தான் காரணம். மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றால் எழுதித் தரட்டும் என்றேன்.

புற்றுநோய்க் குறியீடுகள் விஷயத்தில் மட்டும் சற்று வாதாட வேண்டியிருந்தது. "2,400 கொடுத்து நிம்மதி வாங்குகிறேன், அதில் என்ன தப்பு?" என்றார் ஆச்சி. அந்தத் தாளில் இருந்தவை சிஇஏ, சிஏ125, சிஏ19-9. இவை நோய் கண்டறியப்பட்டவரிடம் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பின்தொடர உதவுபவை. அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் நோயைத் தேடிப் பிடிக்க உதவாதவை. சிஏ125 கர்ப்பப்பைக் கட்டியிலும் கல்லீரல் கோளாறிலும் ஏறும். சிஏ19-9 பித்தப்பைக் கல் பித்தநாளத்தை அடைத்தாலும் ஏறும். சிஇஏ புகை பிடிப்பவரிடம் சற்று கூடுதலாகவே இருக்கும். எண் ஏறியிருந்தால் அடுத்து சிடி ஸ்கேன், அதற்கு அடுத்து இன்னொரு மருத்துவர். எண் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு அது ஏறுவதே இல்லை.

பரிசோதனை எண்ணிக்கை கூடுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அறிக்கையில் அச்சிடும் எல்லைகள் பெரும்பாலும் நலமானவர்களில் 95 சதவீதம் பேரை உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டவை. அப்படியானால் நலமாக இருப்பவரில் இருபதில் ஒருவர் எந்த ஒரு பரிசோதனையிலும் எல்லைக்கு வெளியே விழுவார். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அந்தத் தடித்த எழுத்தை வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு என் கதவைத் தட்டியவர்கள் உண்டு.

ஆச்சி அந்த டிக்கை அடித்தார். முழு மனதோடு இல்லை என்பது பேனாவை அழுத்திய விதத்திலேயே தெரிந்தது.

இப்போது அந்த ஆறையும் மற்ற இரண்டு தாள்களோடு பொருத்திப் பார்த்தோம். சிறிய லேப்பில் சராசரி சர்க்கரை 450, இருவேளைச் சர்க்கரை 160, கிரியேட்டினினும் யூரியாவும் 250, ரத்த அணுக்கள் 300, சிறுநீர் அல்புமின் விகிதம் 550, பி12 900. கூட்டினால் 2,610.

காரைக்குடிக் கிளையில் பேக்கேஜ் 2,600தான். அதோடு அல்புமின் விகிதம் 600 சேர்த்தால் 3,200. 3,000ஐத் தாண்டிவிட்டதால் 25 சதவீதம் கழித்து 2,400. வீட்டுக்கு வரும் 150 சேர்த்து 2,550. ஆச்சி இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அல்புமின் பரிசோதனை இல்லாமல் எடுத்தால் தள்ளுபடி கிடையாது, 2,750 கட்ட வேண்டும். 600 ரூபாய்ப் பரிசோதனையைச் சேர்த்தால் ரசீது 200 ரூபாய் குறைகிறது. வரம்பு வைத்த தள்ளுபடியில் இது நடக்கும். ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் இதே இடத்தில்தான். 2,900க்கு நிற்கிறவரிடம் கவுண்டரில் இருக்கும் பெண், "இன்னும் நூறு ரூபாய்க்கு ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள் சார், தள்ளுபடி கிடைக்கும்" என்பார். நூறு ரூபாய்க்கு அங்கே பரிசோதனை இராது. ஆயிரம் ரூபாயில்தான் இருக்கும். 3,900இல் 25 சதவீதம் போக 2,925. பழைய 2,900க்கே ஏறத்தாழ ஒரு பரிசோதனை இலவசம் என்பது உண்மைதான். அது தேவையான பரிசோதனையா என்பதைப் பொறுத்தே லாபம்.

ஆக 2,550க்கும் 2,610க்கும் இடையில் 60 ரூபாய்தான். கிளையில் எடுத்தால் கொழுப்பு, கல்லீரல், தைராய்டு, டி வைட்டமின் எல்லாம் அந்தப் பணத்திலேயே கிடைக்கும். வீட்டுக்கே வருவார்கள். ஆச்சி அந்தத் தாளைக் கையில் எடுத்துவிட்டார். தேவைப் பட்டியலில் ஆறுக்குப் பதில் ஒன்பது இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கொழுப்பு, கல்லீரல், தைராய்டு மூன்றையும் சிறிய லேப்பில் தனித்தனியே சேர்த்தால் 4,010 ஆகும். பேக்கேஜ் எட்டாத தூரத்துக்கு மலிவாகிவிடும். எடுக்க வேண்டியவை கூடக் கூட பேக்கேஜ் வெல்லும், குறையக் குறைய உதிரி வெல்லும். ஆச்சியின் பட்டியல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அதனால் விலையை விட்டுவிட்டு ரத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருக்கு நடந்ததை ஆச்சியிடம் சொன்னேன். இதே போல வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஏற்பாடுதான். எந்த நிறுவனம் என்பது இப்போது முக்கியமில்லை. காலை ஏழு மணிக்கு எடுத்தார்கள். அன்று காலை வீட்டுக் கருவியில் அவருக்குச் சர்க்கரை 132. மறுநாள் வந்த அறிக்கையில் 81. மைத்துனர் மகிழ்ந்துபோய் மாத்திரையைக் குறைத்துவிடலாமா என்று கேட்டார். அதே அறிக்கையில் சராசரி சர்க்கரை 8.1 என்று இருந்தது. எட்டுக்கு மேல் சராசரி உள்ளவருக்கு வெறும் வயிற்றில் 81 பொருந்தி வராது. கீழே பார்த்தேன், பொட்டாசியம் 6.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது உண்மையென்றால் மனிதர் அவசர சிகிச்சையில் படுத்திருக்க வேண்டும். அவரோ சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார்.

நடந்தது எளிது. குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். ரத்தத்தைச் சுழற்றித் தெளிநீரைப் பிரிக்கும்வரை இது நிற்காது. அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண்ணைக் கூட்டும். அந்தப் பையன் பல ஊர்களில் குழாய்களைச் சேகரித்துக்கொண்டு, பிற்பகலில்தான் கிளைக்குப் போயிருக்கிறான். எட்டு மணி நேரத்தில் 132 எண்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மறுநாள் நேரில் போய் எடுத்ததில் பொட்டாசியம் 4.3, சர்க்கரை 129.

சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய் தனியாக உண்டு; அதில் சர்க்கரை கரைவதைத் தடுக்கும் மருந்து இருக்கும். அதுவும் முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முழுதாகத் தடுப்பதில்லை, அதன் பிறகுதான் பிடித்து நிறுத்தும். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் சராசரி சர்க்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை; குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். அதனால் வீட்டுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். சாம்பல் மூடிக் குழாய் கொண்டுவந்திருக்கிறீர்களா? குழாய் எத்தனை மணிக்குச் சுழற்றப்படும், காரைக்குடியிலேயேவா, மதுரைக்குப் போன பிறகா? இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் சம்மதிக்கலாம்.

கிளைக்குத் தொலைபேசியில் கேட்டோம். பையன் எங்கள் ஊரில் ஆறரைக்கு எடுப்பார், பள்ளத்தூர், கானாடுகாத்தான் முடித்துப் பத்தரை மணி வாக்கில் வருவார் என்றார்கள். நான்கு மணி நேரம். "கிளைக்கே நாங்கள் வந்தால்?" என்றதற்கு, "அப்படியென்றால் உடனே சுழற்றிவிடுவோம், ஆனால் மதியம் வந்து சாப்பிட்ட பின் சர்க்கரை கொடுக்கத் தனிக் கட்டணம்" என்றார் அந்தப் பெண். நேர்மையான பதில். சிறிய லேப்பில் கருவி அதே அறையில் இருக்கிறது. பி12 மட்டும் வெளியே அனுப்புகிறார்கள். தரச் சான்று சிறிய லேப்புக்கு இல்லை, கிளையின் தலைமை நிலையத்துக்கு என்ஏபிஎல் உண்டு. அது ஒரு குறைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சான்று தலைமை நிலையத்தின் கருவிக்குத்தான். கானாடுகாத்தான் வெயிலில் பையில் ஆடிக்கொண்டு போகும் குழாய்க்கு அது பொறுப்பேற்காது. ஆடியில் எடுத்த அறிக்கையும் இதே சிறிய லேப்பில் எடுத்தது என்பதால் எண்களை ஒப்பிடவும் வசதி. சிறிய லேப் என்று ஆச்சி முடிவு செய்தார். நேரில் போய் "எல்லாம் சேர்த்து எடுக்கிறேன்" என்று கேட்டு 2,350க்கு இறக்கினார். பொங்கல் சலுகை என்று அதற்குப் பெயர் இல்லை.

தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடுதல் பரிசோதனைகள் எல்லாவற்றையும் முதல் நாளே டிக் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரித்த தெளிநீரை நிலையங்கள் சில நாள் குளிரில் வைத்திருப்பது வழக்கம். முதல் அறிக்கையைப் பார்த்துவிட்டு மருத்துவர் இன்னொன்று வேண்டும் என்றால், பல பரிசோதனைகளை அதே ரத்தத்தில் சேர்த்துச் செய்யலாம். மறுபடி ஊசி வேண்டாம். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், பிறகு சேர்த்தால் சலுகை உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீருக்கு மட்டும் இது செல்லாது, புதிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு நான் மதுரைப் பேக்கேஜையே சொன்னேன். ஆச்சிக்கு அது பொருந்தாததற்குக் காரணம் அவரைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரிந்திருந்தது. ஐயாவைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. சர்க்கரை இருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று எல்லாமே புதிதாகப் பார்க்க வேண்டியவை. உதிரியாக எடுத்தால் ஸ்கேனும் எக்கோவும் சேர்ந்தே 4,080ஐத் தாண்டும். ஒன்றை மட்டும் படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன்: வயிற்று ஸ்கேனில் பெருந்தமனியின் அகலத்தையும் அளக்கவும். புகை பிடித்த, 65 முதல் 75 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது அது. கேட்காவிட்டால் அளக்காமலும் விட்டுவிடுவார்கள். கேட்டால் கூடுதல் செலவு இராது.

மருத்துவர் ஆலோசனை எத்தனை மணிக்கு என்றும் கேட்கச் சொன்னேன். அறிக்கைகள் மாலையில் வரும், ஆலோசனை நண்பகலில் முடிந்துவிடும் என்றால், கையில் இசிஜியை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன சொல்லப்போகிறார்? மாலை நான்கு மணிக்கு என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டினார்கள்.

ஐயாவுக்குக் கார் போவதால் ஆச்சியும் அதிலேயே போய் மேமோகிராமை மட்டும் முழு விலைக்கு எடுத்துக்கொள்வது என்று ஆனது. மகனின் திட்டப்படி தம்பதிப் பேக்கேஜ் 7,200, ஆச்சியின் நான்கு டிக் 6,900, மதுரைக்குக் கார் 3,500, ஆக 17,600. அதிலும் அல்புமின் பரிசோதனை இல்லை. இப்போது ஐயாவுக்கு 4,080, மேமோகிராம் 1,900, சிறிய லேப் 2,350, அதே கார் 3,500. ஆச்சி கூட்டி 11,830 என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டார். தம்பதிச் சலுகையை விட்டதில் ஐயாவின் பங்குக்கு 480 ரூபாய் கூடுதல் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். கணக்கு என்றால் பாதகத்தையும் எழுத வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால் முன்தடுப்புப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு, மருத்துவக் காப்பீட்டுக்கு உள்ள வரம்புக்குள்ளேயே. அதை ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

மகன் இரவு பேசினார். மிச்சம் பிடிக்கிறேன் என்று அம்மா தேவையான எதையோ விட்டுவிடுகிறாரோ என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலைதான். ஆச்சி போனை என்னிடம் கொடுக்காமல் தானே பதில் சொன்னார். "டிக் போட்டதில் விட்டது இரண்டு, சேர்த்தது ஒன்று. சேர்த்தது எது தெரியுமா?" என்று அல்புமினைப் பற்றி விளக்கத் தொடங்கினார். நான் திண்ணைக்கு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு ரத்தம் கொடுத்தார். காலை முதல் சிறுநீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போனார். சராசரி சர்க்கரை 7.3. பி12 குறைவாக இருந்தது, மருத்துவர் மாத்திரை எழுதினார். அல்புமின் விகிதம் 46. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இது ஏறக்கூடும், ஒரு எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி நோட்டைப் பிரித்துச் சித்திரை என்று தலைப்புப் போட்டு, கீழே "காலை முதல் சிறுநீர், 550, சலுகைக்குக் காத்திருக்க வேண்டாம்" என்று எழுதி, மதுரைத் தாளையும் தீபாவளித் தாளோடு பின்னட்டையில் செருகி வைத்தார்.